நுரையீரலுக்கு ஏன் இரண்டு ரத்த வழிகள்? நுரையீரல் தமனியும் பிராங்கியல் தமனியும்

கேள்வி: உடம்பில் உள்ள ரத்தம் மொத்தமும் நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குத்தானே போகிறது? அப்புறம் பிராங்கியல் தமனி என்று தனியாக ஒன்று எதற்கு? ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கும் உறுப்புக்கு வேறு ரத்தம் ஏன் வேண்டும்?

நுரையீரல் தமனியில் வரும் ரத்தம் நுரையீரலைக் காப்பாற்ற வருவது இல்லை, காற்றைச் சந்தித்து ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள வருகிறது. பிராங்கியல் தமனியில் வரும் ரத்தம்தான் மூச்சுக்குழாய்களின் சுவர், சளிச் சுரப்பிகள், தசை, குருத்தெலும்பு, நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றுக்குச் சோறு போடுகிறது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் "ஏன் இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது" என்ற உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. என் பார்வையில் அதற்கான விடை ஆக்சிஜனைவிட அழுத்தத்தில்தான் அதிகம் இருக்கிறது. அந்த அழுத்த வித்தியாசம் புரிந்தால், காசநோய் ஆறிப் பல வருடம் கழித்தும் ஒருவர் ஏன் கிண்ணம் நிறைய ரத்தமாக இருமுகிறார் என்பதும் புரிந்துவிடும். அதனால் அதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

முதலில் இரண்டு குழாய்களும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்ப்போம். நுரையீரல் தமனி இதயத்தின் வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து வருகிறது. உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ரத்தம் அதில் ஓடுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், அதாவது இதயம் தள்ளும் ரத்தம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த வழியாகத்தான் போகிறது. அவ்வளவு ரத்தம் ஓடியும் அங்கே சராசரி அழுத்தம் சுமார் 15 மி.மீ. பாதரசம்தான். மூச்சுக்குழாய்க்குப் பக்கத்திலேயே அதுவும் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டு போய், கடைசியில் காற்று நுண்ணறைகளைச் சுற்றித் தந்துகிகளாக விரிந்துவிடுகிறது.

பிராங்கியல் தமனி பெருந்தமனியிலிருந்து, அதாவது இதயத்தின் இடது பக்கத்திலிருந்து வரும் ரத்தத்திலிருந்து பிரிகிறது. பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மார்பு முள்ளெலும்புகளின் உயரத்தில். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று என்பது அதிகம் காணப்படும் அமைப்பு. வலப்பக்கத்துக் கிளை பல நேரம் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் ஒரு தமனியோடு சேர்ந்து ஒரே தண்டாகப் புறப்படும். ஆனால் ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும், சிலருக்கு முற்றிலும் வேறு இடத்திலிருந்துகூட வரும். ஆரோக்கியமான ஒருவரிடம் இதன் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இதயம் தள்ளும் ரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு இதில் போகும். அளவில் இவ்வளவு சிறியது, ஆனால் அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தம். சராசரியாக 90 மி.மீ. பாதரசத்துக்கு மேல். நுரையீரல் தமனியைப் போல ஆறு மடங்கு.

பிராங்கியல் தமனி எதுவரை போகிறது என்பதும் முக்கியம். பெரிய மூச்சுக்குழாய்களில் ஆரம்பித்து, காற்றைக் கடத்த மட்டுமே பயன்படும் கடைசிச் சிறு குழாய்கள் வரை அது கூடவே போகும். அதைத் தாண்டி, வாயுப் பரிமாற்றம் நடக்கும் பகுதி தொடங்கியதும் பொறுப்பு நுரையீரல் தமனியிடம் போய்விடுகிறது. நுண்ணறைச் சுவர் அவ்வளவு மெல்லியது. அதற்கு ஆக்சிஜன் நேராகக் காற்றிலிருந்தே கிடைக்கிறது, குளுக்கோஸ் போன்ற மற்றதெல்லாம் பக்கத்தில் ஓடும் நுரையீரல் தமனி ரத்தத்திலிருந்து கிடைத்துவிடுகிறது. ஆகவே "நுரையீரல் திசுவுக்கு பிராங்கியல் தமனி, வாயுப் பரிமாற்றத்துக்கு நுரையீரல் தமனி" என்று பிரித்துச் சொல்வது பாதி உண்மைதான். குழாய்க்கு ஒன்று, பைக்கு ஒன்று என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயம்: பெரிய நுரையீரல் தமனியின் சுவருக்கே ரத்தம் தருவதும் பிராங்கியல் தமனியின் சின்னக் கிளைகள்தான். உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் ஓடினாலும், தடித்த சுவரின் வெளிப்பகுதிக்கு அது எட்டுவதில்லை.

சரி, இப்போது ஒன்றை நீக்கிப் பார்ப்போம். பிராங்கியல் மாதிரி உயர் அழுத்தத்திலேயே எல்லா ரத்தத்தையும் நுரையீரலுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? தந்துகிகளில் இரண்டு விசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. உள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்தில் உள்ள அல்புமின் போன்ற புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைக்கின்றன. புரதங்களின் இந்தப் பிடிப்பு விசை சுமார் 25 மி.மீ. பாதரசம். நுரையீரல் தந்துகிகளில் வழக்கமான அழுத்தம் 10 மி.மீ. அளவில்தான் இருப்பதால் காற்றுப் பைகள் உலர்ந்தே இருக்கின்றன. அந்த அழுத்தம் திடீரென்று 25 மி.மீ. அளவைத் தாண்டினால் நீர் கசிந்து நுண்ணறைகளுக்குள் இறங்க ஆரம்பிக்கும். இதயத்தின் இடது பக்கம் சட்டென்று பலவீனமாகி நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறவர்களுக்கு நடப்பது இதுதான். 25 மி.மீ. அளவிலேயே இந்த நிலை என்றால், பெருந்தமனியின் அழுத்தத்தில் 5 லிட்டரை அந்த வலைக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சுவரைத் தடிமனாக்கித் தப்பிக்கவும் முடியாது, தடித்த சுவர் வழியாக ஆக்சிஜன் கடப்பது மந்தமாகிவிடும். வாயுப் பரிமாற்றத்துக்கு மெல்லிய சுவர் வேண்டும், மெல்லிய சுவருக்குக் குறைந்த அழுத்தம் வேண்டும். வலது வெண்ட்ரிக்கிளின் சுவர் இடதைவிட மிக மெல்லியதாக இருப்பதும் இதனால்தான்.

இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். பிராங்கியல் தமனியே இல்லாமல் நுரையீரல் தமனியின் ரத்தத்தையே மூச்சுக்குழாய்ச் சுவருக்கும் கொடுத்தால்? அந்த ரத்தம் ஏற்கனவே உடம்பைச் சுற்றிவிட்டு வந்தது, அதில் ஹீமோகுளோபின் சுமார் 75 சதவீதம்தான் ஆக்சிஜனோடு இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் உடம்பின் மற்ற இடங்களில் தமனிகள் விரிவடையும், நுரையீரல் தமனியின் சிறு கிளைகள் மட்டும் நேர்மாறாகச் சுருங்கும். காற்று வராத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்காமல், காற்று வரும் பகுதிக்குத் திருப்பிவிட இது ஒரு நல்ல ஏற்பாடு. அதே நேரம், மூச்சுக்குழாய் சளியால் அடைத்து, கிருமி தொற்றி, வீங்கிப்போய் இருக்கும்போது அந்த இடத்துக்குத்தான் அதிக ரத்தம், அதிக வெள்ளணுக்கள் தேவை. நுரையீரல் தமனியை மட்டும் நம்பியிருந்தால் சரியாக அந்த நேரத்தில் குழாய் மூடிக்கொள்ளும். பிராங்கியல் தமனி அப்படிச் சுருங்காது, மற்ற உறுப்புகளின் தமனிகளைப் போல விரிந்துகொடுக்கும்.

அப்புறம் புவியீர்ப்பு. 15 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது ஏறத்தாழ 20 செ.மீ. உயர நீரைத் தூக்கும் அளவுதான். நிமிர்ந்து நிற்கும்போது நுரையீரலின் உச்சி இதயத்தைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. ஆகவே அங்கே நுரையீரல் தமனியின் ஓட்டம் மிகவும் குறைந்துவிடும், இதயம் விரியும் கணத்தில் நின்றேகூடப் போகலாம். பெருந்தமனியின் அழுத்தத்தில் வரும் பிராங்கியல் ரத்தத்துக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. பிராங்கியல் தமனி இல்லாமலும் நுரையீரல் உயிரோடு இருக்க முடியும். நுரையீரல் மாற்று அறுவையில் வழக்கமாக மூன்று இணைப்புகள்தான் போடுகிறார்கள்: மூச்சுக்கிளைக் குழாயோடு குழாய், நுரையீரல் தமனியோடு தமனி, நுரையீரல் சிரைகள் வந்து சேரும் இடது ஆரிக்கிள் சுவரோடு சுவர். பிராங்கியல் தமனியை யாரும் வழக்கமாகத் தைப்பதில்லை, அது அறுந்தது அறுந்ததுதான். அப்படியானால் புதிய மூச்சுக்குழாய் எதை வைத்து வாழ்கிறது? நுரையீரல் தமனியின் வலைக்கும் பிராங்கியல் வலைக்கும் இடையே நுண்ணிய இணைப்புகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக நுரையீரல் ரத்தம் பின்னோக்கி ஏறி மூச்சுக்குழாய்ச் சுவரை எட்டுகிறது. குறைந்த அழுத்தம், குறைந்த ஆக்சிஜன், ஆனாலும் போதுகிறது. சில வாரங்களில் பெறுபவரின் பக்கத்திலிருந்து புதுச் சிறு நாளங்கள் தையலைத் தாண்டி வளர்ந்து வரும்.

"போதுகிறது" என்று சொன்னாலும், எவ்வளவு இழுபறியாகப் போதுகிறது என்பதை அந்த அறுவையின் வரலாறே காட்டுகிறது. மனிதரில் முதல் நுரையீரல் மாற்று அறுவையை 1963-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்தார், நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் நடந்த முயற்சிகளில் நீண்ட நாள் வெற்றி வரவில்லை. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, மூச்சுக்குழாய்த் தையல் ஆறாமல் அழுகிப் பிரிந்துபோனது. 1983-ல் கனடாவின் டொரண்டோவில் ஜோயல் கூப்பர் குழு முதல் நீடித்த வெற்றியைப் பெற்றபோது, வயிற்றுக்குள் இருக்கும் ரத்த நாளம் நிறைந்த கொழுப்பு மடிப்பு ஒன்றை மேலே இழுத்து அந்தத் தையலைச் சுற்றி மூடினார்கள். பிராங்கியல் தமனி செய்திருக்க வேண்டிய வேலையை வேறொரு திசுவை வைத்துச் செய்தார்கள் என்றே இதைச் சொல்லலாம். இன்று அந்த மடிப்பு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கொடையாளரின் மூச்சுக்கிளைக் குழாயை முடிந்தவரை குட்டையாக வெட்டிவிடுகிறார்கள், அதனால் பின்னோக்கி வரும் ரத்தம் ஏற வேண்டிய தூரம் குறைகிறது. ஆகவே பிராங்கியல் தமனி இல்லாவிட்டால் உடனே சாவு என்பது இல்லை. தடித்த சுவருள்ள பெரிய குழாய்கள், புண் ஆற வேண்டிய நேரத்தில், அது இல்லாமல் தடுமாறுகின்றன.

இதற்கு ஒத்துவரும் இன்னொரு செய்தி எலியில் கிடைக்கிறது. சுண்டெலிக்கு பிராங்கியல் தமனி மூச்சுக்குழலோடும் முதல் கிளைகளோடும் நின்றுவிடுகிறது, நுரையீரலுக்குள் போகும் சிறு குழாய்களுக்கு அது வருவதில்லை. அவ்வளவு மெல்லிய சுவருக்குத் தனி ரத்தம் தேவைப்படவில்லை போலும். சுவர் தடித்தால்தான் தனி வழி வேண்டியிருக்கிறது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூட எலியில் கண்டதை அப்படியே மனித நுரையீரலுக்குப் பொருத்தும்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கும் இது ஒரு காரணம்.

ரத்தம் எங்கே திரும்பிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. பெரிய மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள ஒரு பங்கு மட்டும் முறையாக பிராங்கியல் சிரைகள் வழியாக வலது பக்கத்துக்குத் திரும்புகிறது. மீதிப் பெரும்பங்கு, ஆக்சிஜனை இழந்த பிறகும், நுரையீரல் சிரைகளிலேயே கலந்து இடது ஆரிக்கிளுக்குப் போய்விடுகிறது. அதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, நுண்ணறைகளைத் தாண்டி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-ஐ ஒட்டி இருந்தாலும் பெருந்தமனியில் அது சற்றுக் குறைந்து 95 மி.மீ. அளவில் இருக்கும். இதயத்தின் சொந்தச் சிரைகள் சில இடது பக்கத்தில் திறப்பதும் இதற்கு ஒரு காரணம். இரண்டாவது, இடது வெண்ட்ரிக்கிள் வலதைவிட நூற்றில் ஒன்றிரண்டு பங்கு அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ரத்தம் நூறு சதவீதம் கலப்பில்லாமல் வராது என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது நோய்க்கு வருகிறேன், உண்மையில் இந்த விஷயம் உயிருள்ளதாக ஆவது இங்கேதான்.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவருடைய கதை இல்லை, நம் நாட்டு நெஞ்சக நோய் வார்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் இது. ஐம்பது வயதுக்காரர். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு வலது நுரையீரலின் மேல்பகுதியில் காசநோய் வந்து ஆறு மாத மருந்தை முழுசாக முடித்தவர். கிருமி போய்விட்டது, தழும்பு தங்கிவிட்டது. அந்த இடத்தில் மூச்சுக்குழாய்கள் விரிந்து, தளர்ந்து, சளி தேங்கும் பைகளாகக் கிடக்கின்றன. அவ்வப்போது சளியில் ஒரு ரத்தக் கீற்று வந்திருக்கும். ஒரு நாள் இரவு திடீரென்று இருமி, ஒரே மூச்சில் ஒரு தம்ளர் அளவுக்குச் சிவந்த ரத்தம் வருகிறது.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் உள்ளே என்ன நடந்தது? தழும்பான பகுதியில் நுரையீரல் தமனியின் கிளைகள் பல அடைபட்டும் சுருங்கியும் போய்விட்டன. காற்று சரியாக வராத இடம் என்பதால் மிச்சமுள்ள கிளைகளும் மூடிக்கொண்டன. ரத்தம் கிடைக்காத, எப்போதும் அழற்சியோடு இருக்கும் அந்தத் திசு, புது நாளங்களை வளரச் சொல்லும் வேதிப்பொருள்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அந்த அழைப்புக்கு பிராங்கியல் தமனி வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தது இரண்டைத் தாண்டித் தடித்து, சுருண்டு நெளிந்து, அந்த இடத்தில் அடர்ந்த வலையாகப் பரவிவிட்டது. போதாததற்கு விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தமனிகள், மார்பெலும்பின் பின்னால் ஓடும் தமனி, உதரவிதானத்துக்குப் போகும் தமனி ஆகியவையும், நுரையீரலை மூடிய சவ்வு ஒட்டிப்போன இடங்களில் குறுக்கே புகுந்து கிளைவிட்டிருக்கும். ஆறாத ஒரு பகுதியைக் காப்பாற்ற உடம்பு செய்த ஏற்பாடு இது. ஆனால் புதிதாக முளைத்த அந்த நாளங்களின் சுவர் மெல்லியது, உள்ளே ஓடுவதோ பெருந்தமனி அழுத்தம். ஒரு சளித் தொற்று, ஒரு பலமான இருமல், ஏதோ ஓரிடத்தில் கிழிந்துவிடும். 15 மி.மீ. அழுத்தத்தில் கசிவதற்கும் 90 மி.மீ. அழுத்தத்தில் பீறிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். பெரிய அளவில் ரத்தம் இருமுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ரத்தம் வருவது பிராங்கியல் வழியாகத்தான், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும் நுரையீரல் தமனியிலிருந்து இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இப்படிப்பட்டவர் ரத்தம் போய்ச் சாவதில்லை, பெரும்பாலும் மூச்சடைத்துத்தான் சாகிறார். மூக்கிலிருந்து சிறு குழாய்கள் வரை காற்று செல்லும் பாதையின் மொத்தக் கொள்ளளவே சுமார் 150 மி.லி. தான். அந்தத் தம்ளர் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தங்கினால் கதை முடிந்தது. ஆகவே முதல் வேலை ரத்தம் ஏற்றுவது இல்லை, நல்ல நுரையீரலைக் காப்பாற்றுவது. ரத்தம் வரும் பக்கம் வலது என்று தெரிந்தால் அவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் ரத்தம் இடது நுரையீரலுக்குள் வழியாது. நிறையப் பேர் பதற்றத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறார்கள், அது மிக ஆபத்து. வீட்டில் ஒருவர் இப்படி ரத்தம் இருமினால் எந்தப் பக்கம் பழைய நோய் இருந்ததோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நின்றுவிட்டதே என்று காலை வரை காத்திருக்க வேண்டாம், ஒரு முறை பெரிதாக வந்தது மறுமுறை இன்னும் பெரிதாக வரக்கூடும்.

மருத்துவமனையில், மூச்சுப்பாதை பத்திரமானதும், சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இங்கேயும் இரண்டு ரத்த வழி விஷயம் நேராக வந்து நிற்கும். கை நரம்பில் ஏற்றும் சாய மருந்து முதலில் இதயத்தின் வலது பக்கம் போய் நுரையீரல் தமனியை நிரப்பும், சில வினாடிகள் கழித்துத்தான் இடது பக்கம் வந்து பெருந்தமனியையும் பிராங்கியல் தமனியையும் நிரப்பும். ரத்தக்கட்டி தேடும்போது எடுப்பதுபோல நுரையீரல் தமனி நிரம்பும் கணத்திலேயே படம் எடுத்தால், குற்றவாளியான பிராங்கியல் தமனி அந்தப் படத்தில் சரியாகத் தெரியாது. ரத்தம் இருமுகிறவருக்குப் பெருந்தமனி நிரம்பும் நேரத்துக்குக் கணக்கிட்டு எடுக்க வேண்டும், கழுத்தடியிலிருந்து மேல்வயிறு வரை எடுக்க வேண்டும், ஏனென்றால் மேலிருந்தும் கீழிருந்தும் கிளைகள் வந்திருக்கலாம். பரிசோதனைச் சீட்டில் "ரத்த இருமல், பிராங்கியல் தமனி பார்க்க வேண்டும்" என்று எழுதாமல் அனுப்பினால் இந்த வித்தியாசம் தவறிப்போகும். ரத்தத்தின் நிறத்தை வைத்து எந்தத் தமனி என்று ஊகிக்கிறவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம், காற்றுப் பாதைக்குள் வந்த ரத்தம் காற்றோடு கலந்து எப்படியும் சிவந்துவிடும்.

இடம் தெரிந்ததும் இன்று பெரும்பாலும் செய்வது பிராங்கியல் தமனியை உள்ளிருந்தே அடைப்பது. பிரான்சில் ஜாக் ரெமி குழு 1970-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய முறை. தொடையிடுக்குத் தமனியில் ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைப் பெருந்தமனி வழியாக மேலே ஏற்றி, ஐந்து ஆறாவது மார்பு முள்ளெலும்பு உயரத்தில் அதன் நுனியால் சுவரைத் தடவிக்கொண்டே தேடுவார்கள். எக்ஸ்ரே திரையில் இடது மூச்சுக்கிளைக் குழாயின் நிழல் பெருந்தமனியைக் கடக்கும் இடம் நல்ல அடையாளம். நுனி சரியான வாயில் சிக்கியதும் சாயம் செலுத்திப் பார்த்தால், தடித்து நெளிந்த தமனியும் அடர்ந்த வலையும் தெரியும். சில நேரம் சாயம் அங்கிருந்து நேராக நுரையீரல் தமனிக்குள் பாய்வதும் தெரியும். ரத்தம் சொட்டுவதையே நேரில் பார்ப்பது அபூர்வம், இந்த வடிவத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பிறகு அதைவிட மெல்லிய குழாயை உள்ளே தள்ளி, நுண்ணிய துகள்களைச் செலுத்தி அடைப்பார்கள்.

அந்தத் துகளின் அளவுக்குப் பின்னாலும் இதே உடற்கூறு இருக்கிறது. பிராங்கியல் வலையையும் நுரையீரல் வலையையும் சேர்க்கும் நுண் இணைப்புகள் சுமார் 325 மைக்ரான் வரை அகலமாக இருக்கலாம். துகள் அதைவிடச் சிறியதாக இருந்தால் அது பிராங்கியல் பக்கம் தங்காமல் தாண்டிப் போய் நுரையீரல் வலையை அடைக்கலாம், அல்லது நுரையீரல் சிரை வழியாக இடது இதயம் போய் மூளைக்குக்கூட எட்டலாம். அதனால் 350 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மாற்று அறுவையில் மூச்சுக்குழாயைக் காப்பாற்றும் அதே இணைப்பு, இங்கே அஞ்ச வேண்டிய வழியாகிவிடுகிறது.

இன்னொரு அச்சம் முதுகுத்தண்டு. சிலருக்குத் தண்டுவடத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் மெல்லிய கிளை, வலது பிராங்கியல் தமனியும் விலா இடைத் தமனியும் சேர்ந்து கிளம்பும் தண்டிலிருந்தே பிரியும். படத்தில் அது மேலே ஏறி, கொண்டை ஊசிபோல வளைந்து, நடுக்கோட்டில் இறங்கும். அதைப் பார்த்தும் கவனிக்காமல் துகளைச் செலுத்தினால் நோயாளியின் கால்கள் செயலிழக்கலாம். அந்த வளைவு தெரிந்தால் குழாயை அதைத் தாண்டி உள்ளே கொண்டு போக வேண்டும், முடியாவிட்டால் அந்தத் தமனியை விட்டுவிட வேண்டும். சாதாரணமாக வரும் தொந்தரவுகள் இதைவிட எளியவை: சில நாள் நெஞ்சு வலி, விழுங்கும்போது வலி. உணவுக்குழாயின் நடுப்பகுதிக்கும் பிராங்கியல் கிளைகள் போவதால் விழுங்கும்போது வலிக்கிறது, அது தானாகச் சரியாகிவிடும்.

இவ்வளவு பெரிய தமனியை அடைத்தும் நுரையீரல் ஏன் சாவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். காற்றும், நுரையீரல் தமனியும், பின்னோக்கி வரும் ரத்தமும் இருப்பதால்தான். அதன் மறுபக்கமும் உண்மை. காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி நுரையீரல் தமனியின் கிளையை அடைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பகுதி அழிவதில்லை, பிராங்கியல் ரத்தம் தாங்கிக்கொள்கிறது. அழிவு நேர்வது அதிகம் ஓரத்துச் சிறு கிளைகள் அடைபடும்போது, அதிலும் இதயம் பலவீனமாகி நுரையீரல் சிரைகளில் ரத்தம் தேங்கியிருப்பவர்களிடம். அடைப்புக்கு அப்பால் உள்ள சிறிய பகுதிக்குள் பிராங்கியல் ரத்தம் உயர் அழுத்தத்தில் பாய்ந்து நுண்ணறைகளுக்குள் கசிவதால், அழிந்த திசு வெளுத்துப்போகாமல் சிவந்து, ரத்தம் ஊறிய ஆப்பு வடிவமாகத் தெரியும். அடைப்பு மாதக்கணக்கில் கரையாமல் கிடந்தால் பிராங்கியல் தமனிகள் தடித்துவிடும், ஆகவே ஸ்கேனில் அவை பெருத்துத் தெரிந்தால் கட்டி புதியது இல்லை, பழையது என்று சந்தேகிக்கலாம்.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். துகள் செலுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் அன்றே நின்றுவிடும். ஆனால் தழும்பு அங்கேயே இருக்கிறது, அழற்சியும் இருக்கிறது, அதனால் மாதங்களிலோ வருடங்களிலோ புதுக் கிளைகள் வளர்ந்து திரும்ப வருவது சாதாரணம். அதனால்தான் தமனியின் வாயிலேயே உலோகச் சுருள் வைத்து மூடுவதைப் பலர் விரும்புவதில்லை, அடுத்த முறை உள்ளே போக வழி அடைபட்டுவிடும். பழைய குழியில் பூஞ்சை உருண்டை வளர்ந்திருந்தால் திரும்ப வருவது இன்னும் அதிகம், உடல்நிலை தாங்கினால் அந்தப் பகுதியை அறுவை செய்து எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். சளியைக் காசநோய்க்கு மறுபடி சோதிக்கவும் வேண்டும், பழைய நோய் திரும்பியிருக்கலாம்.

பிராங்கியல் கிளைகள், மற்றத் துணைக் கிளைகள் எல்லாவற்றையும் நன்றாக அடைத்த பிறகும் ஓரிரு நாளில் ரத்தம் அதே வேகத்தில் வந்தால், அப்போது எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். காசநோய்க் குழியின் சுவரை ஒட்டி ஓடும் நுரையீரல் தமனிக் கிளை அரிக்கப்பட்டுச் சிறு பலூன் போல வீங்கியிருக்கலாம். டென்மார்க் மருத்துவர் ராஸ்முசென் 1868-ல் விவரித்த வீக்கம் அது. எத்தனை முறை பெருந்தமனிப் பக்கமாகத் தேடினாலும் அது சிக்காது. சிரை வழியாக ஏறி, இதயத்தின் வலது பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனிக்குள் போய்த்தான் அதை அடைக்க முடியும்.